ஹக்கீம் வழக்கு (2021): நெடுஞ்சாலை நில இழப்பீடும் நடுவர் தீர்ப்பை நீக்கும் அதிகாரமும்

ஹக்கீம் வழக்கு என்பது தேசிய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலங்களின் இழப்பீடு பற்றித் தமிழ்நாட்டிலிருந்து இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்காகும். பழைய எண்படி 45 விரிவு, 220 ஆகிய தேசிய நெடுஞ்சாலைகளின் திட்ட இயக்குநர் மேல்முறையீடு செய்த இவ்வழக்கில் 2021 சூலை 20 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. இவ்விரு சாலைகளும் திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாகக் குமுளி செல்லும் நெடுவழியைச் சேர்ந்தவை. அவ்வழி இன்று தேசிய நெடுஞ்சாலை 183 எனப்படுகிறது. நடுவர் வழங்கிய தீர்ப்பை நீதிமன்றம் எந்தக் காரணங்களுக்காக நீக்கலாம், நீக்குவதோடு நில்லாமல் திருத்தவும் செய்யலாமா என்பதே இவ்வழக்கின் மையக் கேள்வி. நடுவர் தீர்ப்பின் சரி தவறுக்குள் நீதிமன்றங்கள் ஏன் நுழைவதில்லை என்பதையும், அந்த ஒதுக்கம் யாருக்குச் சுமையாகிறது என்பதையும் இவ்வழக்கு காட்டுகிறது.

நடுவர் தீர்ப்பு என்பது என்ன

ஒரு சச்சரவில் உள்ள இரு தரப்பினரும் நீதிமன்றத்துக்குச் செல்லாமல், தாங்களே ஒப்புக்கொண்ட ஒருவரிடம் அல்லது சிலரிடம் வழக்கை ஒப்படைத்து, அவர் சொல்வதற்குக் கட்டுப்படுவது நடுவர் முறை. இதை மத்தியஸ்தம் என்றும், சட்டத் தமிழில் இசைவுத் தீர்ப்பு என்றும் கூறுவர். 'இசைவு' என்ற சொல்லிலேயே இம்முறையின் அடிப்படை அடங்கியுள்ளது. நடுவருக்கு அதிகாரம் தருவது இரு தரப்பின் இசைவுதான். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் சமரச யோசனையிலிருந்து இது வேறுபட்டது. சட்டப்படி வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்பை நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றிக்கொள்ள முடியும்.

தரப்பினரே நடுவரைத் தேர்ந்தெடுத்ததால், அவர் சொன்னது பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு தரப்பு நீதிமன்றத்துக்கு ஓடி அதே வழக்கை முதலிலிருந்து நடத்த முடியாது. சாட்சியத்தை எடைபோடுவதும், ஒப்பந்தத்தின் சொற்களுக்குப் பொருள் காண்பதும் நடுவரின் வேலை. அவர் எடுத்த முடிவு எடுக்கக்கூடிய முடிவுகளுள் ஒன்றாக இருந்தால், நீதிபதிக்கு வேறு முடிவு மேலானதாகத் தோன்றினாலும் நடுவரின் முடிவே நிற்கும். நீதிமன்றத்தின் கண்காணிப்பு, தீர்ப்பு எப்படி உருவானது என்பதைப் பற்றியதே தவிர, அது சரியா என்பதைப் பற்றியதன்று.

1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுபவம்

இந்த எல்லை எல்லாக் காலத்திலும் இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. பிரித்தானிய ஆட்சியில் 1899ஆம் ஆண்டுச் சட்டமும், 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் நடுவர் முறையை ஒழுங்குபடுத்தின. அவற்றை ஒன்றாக்கி 1940இல் புதிய சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி நடுவர் தம் தீர்ப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்று ஆணையாக்கிய பிறகே அதற்கு உயிர் வரும். தாக்கலான தீர்ப்பைக் குறிப்பிட்ட சில நிலைகளில் திருத்தவும், நடுவருக்கே திருப்பி அனுப்பவும், முழுவதும் நீக்கவும் நீதிமன்றத்துக்குத் தனித்தனிப் பிரிவுகளில் அதிகாரம் தரப்பட்டிருந்தது.

நீக்குவதற்கான காரணங்களுள் ஒன்று நடுவரின் 'முறைகேடு'. இச்சொல் நேர்மையின்மையை மட்டும் குறிக்கவில்லை. நடைமுறைத் தவறுகள் பலவும் இதற்குள் வந்து சேர்ந்தன. தீர்ப்பின் முகத்திலேயே தெரியும் சட்டப் பிழை என்பது இன்னொரு வழி. 1923இல் இலண்டன் பிரிவி கவுன்சில் இதற்கு ஓர் எல்லை வகுத்தது. தீர்ப்பிலேயே, அல்லது தீர்ப்பின் பகுதியாகச் சேர்க்கப்பட்ட ஆவணத்திலேயே, முடிவுக்கு அடிப்படையாகக் கூறப்பட்ட தவறான சட்டக் கருத்து இருந்தால்தான் அது அத்தகைய பிழையாகும் என்பதே அந்த எல்லை. இதற்கு எதிர்பாராத விளைவு ஒன்று ஏற்பட்டது. காரணம் எழுதினால் பிழை கண்டுபிடிக்கப்படும் என்பதால் நடுவர் பலர் காரணமே எழுதாமல் தொகையை மட்டும் குறித்துத் தீர்ப்பளித்தனர். காரணம் எழுதாததாலேயே ஒரு தீர்ப்பு செல்லாததாகிவிடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றமும் கூறியது.

ஆனாலும் வழக்குகள் குறையவில்லை. நடுவரை நியமிப்பதற்கு ஒரு வழக்கு, தீர்ப்பைத் தாக்கல் செய்ய ஒரு வழக்கு, அதை எதிர்க்க ஒரு வழக்கு, பிறகு மேல்முறையீடு என்று விரைவுக்காக வந்த முறையே நெடும் வழக்காயிற்று. 1981இல் குருநானக் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்நிலையை வெளிப்படையாகக் கண்டித்தது. நடுவரிடம் ஒரு முறையும் நீதிமன்றத்தில் மறுமுறையும் ஒரே வழக்கை இருமுறை நடத்துவதாகவே அம்முறை முடிந்தது.

1996ஆம் ஆண்டுச் சட்டமும் 34ஆம் பிரிவும்

ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1985இல் உருவாக்கிய மாதிரிச் சட்டத்தைத் தழுவி, இந்திய நாடாளுமன்றம் 1996இல் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தை இயற்றியது. தீர்ப்பை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து ஆணையாக்கும் முறை ஒழிந்தது. தரப்பினர் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி நடுவர் காரணம் எழுதியே ஆக வேண்டும். தீர்ப்பை எதிர்க்க ஒரே வழி, அதை நீக்கக் கோரி 34ஆம் பிரிவின்கீழ் மனு செய்வது.

அப்பிரிவு கூறும் காரணங்களை மூன்று கூட்டாகப் பிரித்துப் பார்க்கலாம். முதல் கூட்டு, நடுவர் முறையின் அடித்தளத்தையும் நடத்தப்பட்ட விதத்தையும் பற்றியது. ஒரு தரப்புக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லாமை, நடுவர் ஒப்பந்தமே செல்லாமை, நடுவர் நியமனம் அல்லது விசாரணை பற்றி முறையான அறிவிப்புத் தராமை, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்காமை, நடுவரிடம் ஒப்படைக்கப்படாத பொருளைப் பற்றித் தீர்ப்பளித்தல், நடுவர் குழுவின் அமைப்போ நடைமுறையோ ஒப்பந்தத்துக்கு மாறாக இருத்தல் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை எதிர்ப்பவரே நிறுவ வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நடுவர் முன்னிருந்த பதிவேடுகளை வைத்தே நிறுவ வேண்டும். புதிய ஆவணக் கட்டோடு நீதிமன்றத்துக்கு வர இயலாது.

இரண்டாம் கூட்டை நீதிமன்றம் தானாகவே கவனிக்கலாம். அந்தச் சச்சரவு நடுவரிடம் விடத்தக்கதே அன்று என்பது ஒன்று. தீர்ப்பு இந்தியாவின் பொதுக் கொள்கைக்கு முரணானது என்பது மற்றொன்று. மோசடியாலோ ஊழலாலோ பெறப்பட்ட தீர்ப்பு இவ்வகையைச் சேரும். மூன்றாம் கூட்டு உள்நாட்டுத் தரப்பினரிடையே எழும் தீர்ப்புகளுக்கு மட்டும் உரியது. தீர்ப்பின் முகத்திலேயே வெளிப்படும் சட்டமீறல் இருந்தால் அதை நீக்கலாம்.

மனு செய்யக் காலமும் குறுகியது. தீர்ப்பின் படி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்குப் பிறகு எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும் கதவு திறக்காது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அகன்று சுருங்கிய கதவு

'பொதுக் கொள்கை' என்ற சொல்லை எவ்வளவு அகலமாகப் படிப்பது என்பதில்தான் அடுத்த இருபது ஆண்டுப் போராட்டம் நடந்தது. 2003இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் தொடுத்த சா பைப்சு வழக்கில், தீர்ப்பு வெளிப்படையாகச் சட்டத்தை மீறியிருந்தால் அதுவும் பொதுக் கொள்கைக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டப் பிழை என்று சொல்லிச் சரி தவறு முழுவதையும் மறுபடி பேசும் வழி இதனால் திறந்தது. 2014இல் அசோசியேட் பில்டர்சு வழக்கு அவ்வழியின் அகலத்தை ஓரளவு வரையறுத்தது.

2015ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்திலேயே வேலி போட்டது. பொதுக் கொள்கையைச் சோதிப்பது என்ற பெயரில் வழக்கின் உட்பொருளை மறு ஆய்வு செய்யக் கூடாது. சட்டத்தைத் தவறாகப் பொருத்தியதாலோ சாட்சியத்தை வேறுவிதமாக எடைபோடலாம் என்பதாலோ தீர்ப்பை நீக்கக் கூடாது என்று எழுத்தில் சேர்க்கப்பட்டது.

அப்படியானால் எது எஞ்சுகிறது? சாட்சியமே இல்லாமல் எடுத்த முடிவு, முக்கியமான சாட்சியத்தை முற்றிலும் கண்டுகொள்ளாமல் எடுத்த முடிவு, எந்த நியாயமான மனிதரும் எடுக்க முடியாத முடிவு ஆகியவை எஞ்சுகின்றன. ஒப்பந்தத்துக்குத் தவறான பொருள் கொள்வது நீக்கக் காரணமாகாது. ஆனால் ஒப்பந்தத்தையே மாற்றி எழுதுவது காரணமாகும். 2019இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் சாங்யோங் என்ற கொரிய நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கு இதற்குச் சான்று. விலை ஏற்றத்தைக் கணக்கிட ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு சுற்றறிக்கையின் சூத்திரத்தை நடுவர் குழுவின் பெரும்பான்மை பயன்படுத்தியது. ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாத ஒப்பந்தத்தை அதன்மீது திணிப்பது நீதியின் அடிப்படைக்கே மாறானது என்று கூறி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இங்கும் அளவுகோல் இசைவுதான். தரப்பினர் இசைந்த எல்லைக்குள் நடுவர் தவறு செய்தால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்கிறது. இசைவுக்கு வெளியே சென்றால் பொறுப்பதில்லை.

இசையாதவருக்கு ஒரு நடுவர்

மேற்கூறிய ஒதுக்கம் முழுவதும் தரப்பினர் தாமே நடுவரைத் தேர்ந்தெடுத்தனர் என்ற அடிப்படையில் நிற்பது. நில உரிமையாளருக்கோ அந்த அடிப்படையே கிடையாது.

அணைக்கோ, வாய்க்காலுக்கோ, பள்ளிக்கோ நிலம் எடுத்தால் முன்பு 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பொருந்தியது. அதிகாரி நிர்ணயித்த தொகை குறைவு என்று கருதியவர் வழக்கை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரலாம். நீதிபதி கிரயப் பத்திரங்களைப் பார்த்து, சாட்சிகளை விசாரித்து, தாமே விலையை நிர்ணயிப்பார். அதற்குமேல் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் உண்டு.

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கப்படும் நிலத்துக்கு வழி வேறு. சாலைப் பணிகள் விரைவாக நடக்க வேண்டும் என்பதற்காக 1997இல் 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி முதலில் நிலம் எடுக்கும் கருத்தை அறிவிக்கும் அறிவிக்கை வெளியாகும். ஆட்சேபங்கள் கேட்கப்பட்ட பின் வெளியாகும் மற்றோர் அறிவிக்கையோடு நிலம் மைய அரசைச் சேர்ந்துவிடும். தகுதியுடைய அலுவலர் இழப்பீட்டைத் தீர்மானிப்பார். அதை ஏற்காதவர் நடுவரிடம் செல்லலாம். அந்நடுவரை நியமிப்பது மைய அரசு. நடைமுறையில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே அப்பொறுப்பில் இருப்பார். அதன்பின் 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே பொருந்தும். அதாவது ஆட்சியரின் தொகையை எதிர்க்க 34ஆம் பிரிவு மட்டுமே வழி.

இதன் விளைவைப் பழனி வட்டாரத்தை வைத்து எண்ணிப் பார்க்கலாம். பாலசமுத்திரம் பகுதியில் நீர்ப்பாசனப் பணிக்காகப் பழைய சட்டத்தின்கீழ் நிலம் கொடுத்தவருக்கு ஒரு நீதிபதி விலையை நிர்ணயிக்கும் உரிமை இருந்தது. சற்றுத் தள்ளிப் பழனி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 83இன் ஓரத்தில் அதே தரமுள்ள நிலத்தை இழப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் கையெழுத்திட்ட நடுவர் ஒப்பந்தம் எதுவும் இல்லை. நடுவரை அவர் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ஆனாலும் ஒப்பந்தம் செய்து நடுவரை ஏற்ற இரு பெரும் நிறுவனங்களுக்கு உரிய அதே இறுக்கமான விதி அவருக்கும் பொருந்துகிறது.

வழக்கின் விவரம்

திண்டுக்கல், தேனி, குமுளி வழிச் சாலைக்காக 2009 முதல் அறிவிக்கைகள் வெளியாயின. தகுதியுடைய அலுவலர் வழிகாட்டி மதிப்பை அடிப்படையாக வைத்துச் சதுர மீட்டருக்கு 46.55 ரூபாய் முதல் 83.15 ரூபாய் வரை இழப்பீடு நிர்ணயித்தார். வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப் பதிவில் முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக அரசு குறித்து வைக்கும் குறைந்தபட்ச மதிப்பு. சந்தையில் அதே நிலம் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதை அது காட்ட வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள ஒத்த நிலங்களின் கிரயப் பத்திரங்களே அதைக் காட்டும். நடுவராக இருந்த மாவட்ட ஆட்சியரும் வழிகாட்டி மதிப்பையே பின்பற்றினார்.

நில உரிமையாளர்கள் 34ஆம் பிரிவின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தை அணுகினர். நீதிமன்றம் ஆட்சியரின் தீர்ப்பைத் திருத்தி, சதுர மீட்டருக்கு 645 ரூபாயாக உயர்த்தியது. ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர். பத்து சென்ட் இழந்த ஒருவரை எடுத்துக்கொண்டால், முதலில் நிர்ணயித்த விலைப்படி அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 18,800 ரூபாய் முதல் 33,600 ரூபாய் வரை. மாவட்ட நீதிமன்றத்தின் விலைப்படி அது ஏறத்தாழ 2,61,000 ரூபாய். இந்த வேறுபாடுதான் வழக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

நெடுஞ்சாலை ஆணையம் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் வரும் நடுவர் தீர்ப்புகளைப் பொறுத்தவரையாவது, இழப்பீட்டை உயர்த்தித் திருத்தும் அதிகாரம் 34ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கருதியது. ஆணையம் உச்ச நீதிமன்றம் சென்றது.

உச்ச நீதிமன்றம் சொன்னது

நீதிபதிகள் ஆர். எஃப். நாரிமன், பி. ஆர். கவாய் ஆகியோர் வழக்கைக் கேட்டனர். சட்டக் கேள்வியில் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பு அமைந்தது. 34ஆம் பிரிவு 'நீக்குதல்' என்று மட்டுமே கூறுகிறது. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தும் அதிகாரம் தனிப் பிரிவாகவே இருந்தது. 1996இல் நாடாளுமன்றம் அதைத் தெரிந்தே விட்டுவிட்டது. நடுவர் தீர்ப்பை மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் தர விரும்பிய இங்கிலாந்துச் சட்டம் அதை வெளிப்படையாக எழுதியுள்ளது. 2006ஆம் ஆண்டு மெக்டெர்மாட் வழக்கிலும், நடுவரின் பிழையை நீதிமன்றம் திருத்த முடியாது, தீர்ப்பை நீக்கிவிட்டால் தரப்பினர் விரும்பினால் மீண்டும் நடுவரிடம் செல்லலாம் என்றே கூறப்பட்டிருந்தது. எனவே திருத்தும் அதிகாரத்தைச் சட்டத்துக்குள் படிப்பது இலட்சுமணக் கோட்டைத் தாண்டுவதாகும் என்றது நீதிமன்றம். மாற்றம் தேவையென்றால் அதை நாடாளுமன்றமே செய்ய வேண்டும்.

இதன்படி முறையாக நடக்க வேண்டியது என்ன? ஆட்சியரின் தீர்ப்பில் நீக்கக் காரணம் இருந்தது. அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பைக் கருத வேண்டும் என்று நெடுஞ்சாலைச் சட்டம் கூறுகிறது. ஒத்த நிலங்களின் கிரயத்தை விட்டுவிட்டு, முத்திரைத் தீர்வைக்காகக் குறித்த எண்ணை எடுத்துக்கொள்வது சட்டம் கேட்ட வேலையைச் செய்யாமல் விடுவதாகும். ஆனால் மாவட்ட நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியிருக்கலாமே தவிர, 645 ரூபாய் என்று தானே எழுதியிருக்க முடியாது. நீக்கிய பிறகு வழக்கு மறுபடி மைய அரசு நியமிக்கும் ஒரு நடுவரிடமே செல்லும். அவரும் பழைய எண்ணையே எழுதினால் மீண்டும் ஒரு மனு, மீண்டும் ஒரு நீக்கம்.

இந்தச் சுழலை உச்ச நீதிமன்றம் கண்டுகொண்டது. தேர்ந்தெடுக்கப்படாத நடுவர் சொன்ன தொகையை உயர்த்த வழியில்லாமல் போவது நில உரிமையாளருக்கு எவ்வளவு பாதகமானது என்பதையும் எடுத்துக்காட்டியது. ஒத்த நிலையில் இருந்த வேறு சிலருக்குக் கூடுதல் விலை கொடுக்கப்பட்டதை ஆணையம் எதிர்க்காமல் விட்டிருந்தது. எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்பட்டது என்பதை வைத்து உரிமையாளர்களிடையே இழப்பீட்டில் வேறுபாடு காட்டக் கூடாது என்று 1973இல் நாகபுரி மேம்பாட்டு அறக்கட்டளை வழக்கில் ஏற்கெனவே கூறப்பட்டிருந்தது. தீர்ப்புகள் பலவும் வெளியாகி ஏழு முதல் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இவற்றைக் கருதி, அரசியலமைப்பின் 136ஆம் உறுப்பின்கீழ் தனக்குள்ள விருப்புரிமையைப் பயன்படுத்தித் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்து, மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

சட்டத்தில் வென்ற ஆணையம் பணத்தில் தோற்றது. பணத்தில் வென்ற நில உரிமையாளர்களோ தமக்குப் பின் வருபவர்களுக்கு எந்த உரிமையையும் விட்டுச்செல்லவில்லை. கீழமை நீதிமன்றங்களுக்கு 136ஆம் உறுப்பின் விருப்புரிமை கிடையாது. ஆகவே 2021க்குப் பிறகு அடுத்த சாலையோரத்தில் நிலம் இழந்தவருக்கு, திருத்த முடியாது என்ற விதி மட்டுமே மிஞ்சியது.

2025ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அமர்வு

திருத்தும் அதிகாரம் பற்றிய கேள்வியை எழுப்பிய இன்னொரு வழக்கும் சென்னையிலிருந்தே சென்றது. ஐ.எஸ்.ஜி. நோவாசாஃப்ட் என்ற நிறுவனத்துக்கும் அதன் முன்னாள் அலுவலர் ஒருவருக்கும் இடையிலான அவ்வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று நால்வர் ஒரு கருத்தும் ஒருவர் மாறுபட்ட கருத்தும் கூறித் தீர்ப்பளித்தனர்.

தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, குறுகிய அளவில் திருத்தலாம் என்று ஏற்றது. தீர்ப்பில் செல்லாத பகுதியைச் செல்லும் பகுதியிலிருந்து பிரித்து நீக்க முடிந்தால் அப்படிச் செய்யலாம். பார்த்தவுடன் தெரியும் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தட்டச்சுப் பிழைகளைச் சரிசெய்யலாம். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைச் சில நிலைகளில் மாற்றலாம். உச்ச நீதிமன்றம் மட்டும் 142ஆம் உறுப்பின் சிறப்பு அதிகாரத்தை மிகுந்த கவனத்துடன் பயன்படுத்தலாம். சட்டம் வெளிப்படையாகச் சொல்லாத அதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது நீதிபதி கே. வி. விசுவநாதனின் மாறுபட்ட கருத்து.

இந்தப் பட்டியலை நில இழப்பீட்டோடு ஒப்பிட்டால் எல்லை புலப்படும். 46.55 ரூபாயை 10 சென்டால் பெருக்கும்போது ஆட்சியர் அலுவலகம் தவறான விடை எழுதியிருந்தால் நீதிமன்றம் அதைத் திருத்தலாம். 46.55 என்ற எண்ணே குறைவு, 645தான் சரி என்பது கணக்குப் பிழையன்று. அது வழக்கின் உட்பொருள். அதற்குள் நுழையும் அனுமதியை 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பும் தரவில்லை.

நில உரிமையாளருக்கு இதன் பொருள்

இடையில் இழப்பீட்டுச் சட்டம் மாறியுள்ளது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்திலுள்ள இழப்பீட்டு விதிகள் 2015 சனவரி 1 முதல் நெடுஞ்சாலை நிலங்களுக்கும் பொருந்துகின்றன. அவ்விதிகள், வழிகாட்டி மதிப்பையும் அருகிலுள்ள ஒத்த நிலங்களின் சராசரிக் கிரய விலையையும் ஒப்பிட்டு உயர்ந்ததை எடுக்கச் சொல்கின்றன. கூடவே நூறு விழுக்காடு ஆறுதல் தொகையும் உண்டு. அதற்கு முந்தைய நெடுஞ்சாலை எடுப்புகளுக்கு ஆறுதல் தொகையை மறுத்த பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2019இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் தொகையை நிர்ணயிக்கும் பாதை மாறவில்லை. இன்றும் அலுவலர், பிறகு அரசு நியமித்த நடுவர், அதற்குப் பிறகு 34ஆம் பிரிவு என்பதே வரிசை.

எனவே இழப்பீட்டு வழக்கின் உண்மையான களம் நடுவரின் முன்னிலையே. அறிவிக்கைக்கு முந்தைய மூன்றாண்டுகளில் அதே ஊரிலோ அருகிலோ பதிவான ஒத்த நிலங்களின் கிரயப் பத்திரங்களுக்குச் சான்றிட்ட படி, கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் விவரம், நிலம் இரண்டாகப் பிளக்கப்பட்டதால் மிச்ச நிலத்துக்கு நேர்ந்த குறை ஆகியவற்றை அங்கேயே எழுத்து வடிவில் வைத்தாக வேண்டும். பின்னர் நீதிமன்றம் அந்தப் பதிவேட்டை மட்டுமே பார்க்கும். கிரயப் பத்திரம் பதிவேட்டில் இருந்து, நடுவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருந்தால், முக்கியச் சாட்சியத்தைக் கண்டுகொள்ளவில்லை என்ற நீக்கக் காரணம் கிடைக்கும். நடுவர் அதைப் பரிசீலித்து, அந்த நிலம் ஊருக்குள் இருக்கும் மனை, இதுவோ தொலைவிலுள்ள புன்செய் என்று காரணம் கூறி ஒதுக்கியிருந்தால், அக்காரணம் பலவீனமானதாக இருந்தாலும் தீர்ப்பு நிற்கும். பத்திரமே வைக்கப்படாதிருந்தால் நீதிமன்றத்தில் பேசுவதற்கு ஏதும் இராது.

நடுவர் தீர்ப்பின் உட்பொருளைத் தொடாத விதி, இசைந்து வந்தவர்களுக்கு நியாயமானது. தாம் தேர்ந்தெடுத்த நடுவரின் தவறு அவர்கள் ஏற்றுக்கொண்ட இடர். நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுப்பவர் அந்த இடரை ஏற்கவில்லை. சட்டம் அதை அவர்மீது ஏற்றி வைத்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல நெடுஞ்சாலை இழப்பீட்டையும் நீதிமன்றம் நேரடியாக நிர்ணயிக்க வழி செய்வதோ, இவ்வகை நடுவர் தீர்ப்புகளுக்கு மட்டும் மேல்முறையீடு தருவதோ நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. ஹக்கீம் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கு வரைந்த கோடு சட்டம் இயற்றுபவர்களைத் தடுப்பதன்று.